கொட்டேஷன் கொடுத்தோம், பதில் இல்லை: கடைசியாக ஒரு முறை எப்படிக் கேட்பது?

கூரை சோலார் அமைத்துக் கொடுக்கும் சிறு நிறுவனங்களில் விற்பனை பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. எல்லா பதில்களுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன். கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு லேத் ஒர்க்‌ஷாப், தகரக் கூரை, 40 கிலோவாட் சோலார். நேரில் போய் அளந்து, ஒரு வருட ஈபி பில் வாங்கிப் பார்த்து, 18 லட்சம் ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்தாயிற்று. வாங்கும்போது முதலாளி ஆர்வமாகத்தான் இருந்தார். அதன் பிறகு சத்தமே இல்லை. வேறு தொழிலில் இருப்பவர்கள் தொகையையும் பொருளையும் மாற்றிக்கொண்டு படிக்கலாம்.

நல்லாத்தான் பேசினார், ஏன் திடீர்னு பதில் சொல்லாம போயிட்டார்?

பெரும்பாலும் நம்மிடம் "வேண்டாம்" என்று சொல்ல அவருக்குச் சங்கடமாக இருக்கும். வெயிலில் கூரை மேல் ஏறி அளந்தோம், அவர் ஆபீஸில் உட்கார்ந்து காபி குடித்தோம், தெரிந்தவர் சொல்லி வந்தோம். அப்படிப்பட்ட ஆளிடம் முகத்துக்கு நேராக மறுப்பதைவிட போனை எடுக்காமல் விடுவது அவருக்கு லேசாக இருக்கிறது.

அதற்கு அடியில் உண்மையான காரணம் ஒன்று இருக்கும். தொழில் அண்ணன் தம்பி பெயரில் இருந்து இன்னொருவர் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். பேங்க் லோன் நின்றிருக்கலாம். கட்டடம் வாடகைக்கு இருந்து, கூரையில் ஓட்டை போட உரிமையாளர் சம்மதிக்காமல் இருக்கலாம். மச்சானுக்குத் தெரிந்த இன்னொரு ஆள் இரண்டு லட்சம் குறைத்துக் கொட்டேஷன் கொடுத்திருக்கலாம். ஆர்டர் குறைந்து, இந்த வருடம் பெரிய செலவே வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கலாம். இதில் பலவும் நாம் போட்ட விலையோடு சம்பந்தப்பட்டதே இல்லை என்பதைக் கவனியுங்கள். கடைசி மெசேஜ் எழுத உட்காரும்போது இதுதான் மனதில் இருக்க வேண்டும்.

எப்போ இது கடைசி முறைன்னு முடிவு பண்றது?

நாள் கணக்கைவிட இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, போனிலும் மெசேஜிலுமாக இரண்டு மூன்று முறை முயன்றும் ஒரு பதிலும் இல்லை. இன்னொன்று, கொட்டேஷனில் போட்ட விலைக்கான கெடு முடியப் போகிறது. இரண்டும் சேரும் நேரம்தான் கடைசி மெசேஜுக்குச் சரியான நேரம்.

சோலாரில் அந்தக் கெடு சும்மா போடுவது இல்லை. பேனல் சப்ளையர் நமக்கு விலையைச் சில நாட்களுக்குத்தான் பிடித்து வைப்பார், அதனால் நாமும் கொட்டேஷனில் 15 நாள், 30 நாள் என்று எழுதுகிறோம். 30 நாள் எழுதியிருந்தால் 25-ஆவது நாள் வாக்கில் எழுதுங்கள். எழுதுவதற்கு உண்மையான காரணம் கையில் இருக்கும், "சும்மா ஞாபகப்படுத்தலாம்னு" என்று இழுக்க வேண்டியதில்லை.

அதற்கு முன் காலண்டரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஆடி மாதத்தில் கொடுத்த கொட்டேஷனுக்கு ஆவணி பிறக்கும் வரை பதில் வராமல் இருப்பது இங்கே சகஜம். மார்ச்சில் கணக்கு முடிக்கிற அவசரம், தீபாவளிக்கு முன் போனஸ் புரட்டுகிற அவசரம், இந்த இரண்டு சமயத்திலும் 18 லட்சத்தைப் பற்றி யாரும் உட்கார்ந்து யோசிக்க மாட்டார்கள். அந்த மௌனத்தை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு அவசரமாக ஃபைலை மூடிவிடக் கூடாது. கெடுவைப் புது விலையோடு நீட்டி, அந்தச் சமயம் கழிந்ததும் கடைசி மெசேஜை அனுப்பலாம்.

என்னதான் எழுதறது? ஒரு மாதிரி காட்டுங்க.

நான் அனுப்பும் வடிவம் இது:

> வணக்கம் சார். உங்கள் ஒர்க்‌ஷாப் கூரைக்கு 40 கிலோவாட் சோலார் கொட்டேஷன் கொடுத்திருந்தேன். அதில் போட்ட விலை வரும் 15-ஆம் தேதி வரைதான். அதற்குப் பிறகு பேனல் விலை அன்றைய நிலவரப்படி மாறும்.
>
> இப்போதைக்கு வேண்டாம் என்று நினைத்தாலும், வேறு இடத்தில் கொடுத்துவிட்டிருந்தாலும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.
>
> 15-ஆம் தேதிக்குள் தகவல் இல்லை என்றால் இந்தக் கொட்டேஷனை மூடி வைத்துவிடுகிறேன். இதைப் பற்றி மறுபடி கூப்பிட மாட்டேன்.
>
> கூரை அளவு, நிழல் படங்கள், உங்கள் ஈபி பில் விவரம் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எப்போது தேவைப்பட்டாலும் ஒரு போன் செய்யுங்கள். மறுபடி முழுதாக அளக்க வேண்டியதில்லை, இரண்டு நாளில் புது விலை போட்டுத் தருகிறேன்.

நான்கு பத்திக்கும் தனித்தனி வேலை உண்டு. முதல் பத்தி ஏன் இன்று எழுதுகிறேன் என்று சொல்கிறது. அவர் பழைய மெசேஜைத் தேடாமலே எது பற்றி என்று புரிந்துவிடும். இரண்டாவது பத்தி அவருடைய சங்கடத்தை எடுத்துவிடுகிறது. "வேறு இடத்தில் கொடுத்துவிட்டிருந்தாலும்" என்று நாமே சொல்லிவிட்டால் அவர் அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. "காரணம் சொல்ல வேண்டியதில்லை" என்பதை விட்டுவிடாதீர்கள். காரணம் கேட்பார்களே என்ற பயத்தில்தான் பலர் பதிலே போடுவதில்லை.

மூன்றாவது பத்தியில் நாம் ஒரு வாக்குக் கொடுக்கிறோம். நான்காவதுதான் எனக்கு முக்கியம். "எப்போ வேணாலும் கூப்பிடுங்க" என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள், அது காற்றோடு போய்விடும். திரும்பி வந்தால் அவருக்கு என்ன தயாராக இருக்கும், எத்தனை நாளில் கிடைக்கும், எந்த வேலை மிச்சம் என்று சொன்னால் அது மனதில் நிற்கும். எட்டு மாதம் கழித்து அவருக்கு மறுபடி சோலார் எண்ணம் வரும்போது, புதிதாக ஒருவரைக் கூப்பிட்டு ஆரம்பத்திலிருந்து பேசுவதைவிட உங்களுக்கு ஒரு போன் போடுவது சுலபம் என்று தோன்ற வேண்டும்.

"சார்" என்பது நேரடியாக அறிமுகமானவருக்கு. தெரிந்தவர் மூலம் போய், நேரில் "அண்ணா" என்று கூப்பிட்டுப் பேசியிருந்தால் மெசேஜிலும் அண்ணா என்றே எழுதுங்கள். அதுவரை அண்ணாவாக இருந்தவர் கடைசி மெசேஜில் சார் ஆனால், கோபித்துக்கொண்டதாகத்தான் படும்.

கடைசி மெசேஜ்ல ஒரு ஐம்பதாயிரம் குறைச்சா வந்துடுவாரோ?

குறைக்காதீர்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

அவர் குறைக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை. கேட்காமல் நீங்களாகக் குறைத்தால் முதலில் சொன்ன 18 லட்சத்தில் ஐம்பதாயிரம் சும்மா ஏற்றி வைத்திருந்தீர்கள் என்று அவருக்குத் தெரிந்துபோகும். இன்னும் பேசாமல் இருந்தால் இன்னும் குறையும் என்பதும் தெரிந்துபோகும். அவர் தம்பி ஒத்துக்கொள்ளாததுதான் பிரச்சினை என்றால் ஐம்பதாயிரத்தால் ஒன்றும் மாறாது. எட்டு மாதம் கழித்து அவர் திரும்பி வரும்போது பேச்சு உங்கள் குறைத்த விலையிலிருந்துதான் ஆரம்பிக்கும், பேனல் விலை ஏறியிருந்தாலும்.

பணம்தான் தடை என்று உங்களுக்கு நிஜமாகவே ஒரு தடயம் கிடைத்திருந்தால் (லோன் பற்றி இரண்டு முறை கேட்டார், தவணையில் தர முடியுமா என்றார்) வேலையின் அளவைக் குறைத்துக் காட்டுங்கள். நம் உதாரணத்தில் 40 கிலோவாட்டுக்குக் கிலோவாட் 45,000 ரூபாய் கணக்கில் 18 லட்சம் வந்தது. அதையே முதல் கட்டமாக 25 கிலோவாட் என்று போட்டால் கிலோவாட் 47,000 ஆகும், மொத்தம் 11 லட்சத்து 75 ஆயிரம். சின்ன வேலைக்கு ஒரு கிலோவாட்டின் விலை கொஞ்சம் கூடத்தான் செய்யும், அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு கிலோவாட்டுக்குத் தினம் சராசரியாக 4 யூனிட் என்று வைத்தால் 40-க்கு 160 யூனிட் வரும் இடத்தில் 25-க்கு 100 யூனிட் வரும். இரண்டாம் கட்டத்துக்குத் தனி இன்வெர்ட்டர் வேண்டும், மின்வாரியத்தில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

ஆனால் இதைக் கடைசி மெசேஜுக்கு முந்தைய மெசேஜில் அனுப்புங்கள். கடைசி மெசேஜில் புது யோசனை எதுவும் இருக்கக் கூடாது. "மூடி வைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே கீழே ஒரு புது ஆஃபர் வைத்தால் மூடுகிறேன் என்பதை அவர் நம்ப மாட்டார்.

"இன்னிக்குள்ள சொல்லலைன்னா விலை ஏறிடும்"னு கொஞ்சம் அவசரப்படுத்தலாமா?

நிஜமாகவே ஏறும் என்றால் சொல்லலாம். இல்லாத கெடுவைச் சொல்லாதீர்கள். 15-ஆம் தேதி கடைசி என்று எழுதிவிட்டு 20-ஆம் தேதி அவர் கூப்பிடும்போது "பரவாயில்லைங்க, பழைய விலைக்கே பண்ணலாம்" என்று சொன்னால், உங்கள் கொட்டேஷனில் இருக்கும் மற்ற எண்களையும் அவர் சந்தேகப்படுவார். சோலாரில் அவர் 25 வருட உற்பத்திக் கணக்கை நம்பித்தான் பணம் போடுகிறார், நினைவிருக்கட்டும்.

நிஜமான கெடு ஒன்று இருக்கிறது, அதைப் பலர் சொல்வதே இல்லை. வருமான வரிக் கணக்கில் சோலாருக்கு 40 சதவீதம் தேய்மானம் எடுக்கலாம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அதில் பாதிதான் அந்த வருடம் எடுக்க முடியும். செப்டம்பர் முடிவதற்குள் ஓட ஆரம்பித்தால் முழுதும் கிடைக்கும், நவம்பரில் ஆரம்பித்தால் பாதி, மீதி அடுத்தடுத்த வருடங்களுக்குத் தள்ளிப் போகும். லாபத்தில் ஓடுகிற ஒர்க்‌ஷாப்புக்கு இது பெரிய தொகை. மெட்டீரியல், மின்வாரிய அனுமதி, மீட்டர் மாற்றுவது எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஜூலையில் முடிவெடுக்க வேண்டியிருக்கும். உங்கள் கடைசி மெசேஜ் ஜூன், ஜூலையில் போகிறது என்றால் இதை ஒரே வரியில் சேர்த்து, "உங்கள் ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்" என்று முடியுங்கள். நீங்களே வரிக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டாம், அது ஆடிட்டர் வேலை.

வாட்ஸ்அப்பா, ஈமெயிலா, போனா?

அவர் கடைசியாக உங்களுக்கு எதில் பதில் சொன்னாரோ அதில். ஒர்க்‌ஷாப் முதலாளி என்றால் பெரும்பாலும் வாட்ஸ்அப். பர்சேஸ் மேனேஜர், கணக்குப் பிரிவு எல்லாம் உள்ள கம்பெனி என்றால் கொட்டேஷன் அனுப்பிய அதே ஈமெயிலுக்குப் பதிலாக எழுதுங்கள், புது மெயில் ஆரம்பிக்காதீர்கள். பழைய கொட்டேஷன் கீழேயே இருந்தால் அவர் மேலதிகாரிக்கு அனுப்ப வசதி.

போன் வேண்டாம். போனில் கேட்டால் அந்த நிமிடமே பதில் சொல்ல வேண்டும், அப்போது வருவது "பார்த்துட்டுச் சொல்றேங்க" மட்டும்தான். வாய்ஸ் மெசேஜும் வேண்டாம், மெஷின் சத்தத்துக்கு நடுவில் யாரும் கேட்பதில்லை. இரண்டு நீல டிக் விழுந்ததா என்று பார்த்துவிட்டு "பார்த்தீங்களா சார்?" என்று தொடர்ந்து அனுப்பினால் எழுதியதெல்லாம் வீண்.

எங்களை அறிமுகப்படுத்தினவர்கிட்ட சொல்லிக் கேட்கச் சொல்லலாமா?

அறிமுகப்படுத்தியவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள், ஆனால் அவரை விட்டுக் கேட்க வைக்காதீர்கள். "உங்க பேரைச் சொல்லிப் போனேன், கொட்டேஷன் கொடுத்தேன், இப்போதைக்கு நிறுத்தி வெச்சிருக்காங்க போல, நானும் மூடிட்டேன்" என்று சொன்னால் போதும். முதலாளியின் ஆடிட்டரோ சம்பந்தியோ வந்து "ஏன் அந்தப் பையனுக்குப் பதில் சொல்லல?" என்று கேட்டால் அவருக்கு இரண்டு பேரிடம் சங்கடம். அவர் சம்மதித்தாலும் தயவுக்காகச் சம்மதித்ததாக இருக்கும், வேலை நடக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் அது முகத்தில் தெரியும்.

பல நேரம் அறிமுகப்படுத்தியவரே காரணத்தைச் சொல்லிவிடுவார். "அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறாங்க, ஒரு வருஷம் ஆகும்" என்று தெரிந்தால் ஃபைலில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்குத் தெரியும் என்று முதலாளியிடம் காட்டிக்கொள்ள வேண்டாம்.

"வேண்டாம்"னு பதில் வந்தா என்ன சொல்றது?

சந்தோஷப்படுங்கள், இந்த மெசேஜ் அதற்காகத்தான் போனது. "சொன்னதற்கு நன்றி சார். தொழில் நல்லபடியாக நடக்கட்டும்" என்பது போதும். ஏன் என்று கேட்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று எழுதிக் கொடுத்தது நாம்தான். அவராகவே "விலை ஒத்து வரல" என்று சேர்த்திருந்தால் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: மற்ற கொட்டேஷனில் எந்த பேனல், எந்த இன்வெர்ட்டர் போட்டிருக்கிறார்கள் என்று. அடுத்த கொட்டேஷனுக்கு உதவும். மற்றவருடைய பொருளைக் குறை சொல்லாதீர்கள். அவர் ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்திருப்பார்.

மறுபடி கூப்பிட மாட்டேன்னு எழுதிட்டேன். இனிமே பேசவே கூடாதா?

அந்தக் கொட்டேஷனைப் பற்றிப் பேசக் கூடாது. மெசேஜில் "இதைப் பற்றி" என்று எழுதியது அதற்காகத்தான். அவர் செலவை நேரடியாகத் தொடும் புதுத் தகவல் வந்தால், பல மாதம் கழித்து ஒரு முறை சொல்லலாம்.

ஒரு உதாரணம். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பொருட்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பொருளும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்தில் 70 சதவீதத்தைப் பொருளாகவும் 30 சதவீதத்தைச் சேவையாகவும் பிரித்து, சேவைக்கு 18 சதவீதம் போடுவார்கள். அந்தக் கணக்கில் மொத்த வரி 13.8-இலிருந்து 8.9 சதவீதமாக இறங்கியது. வீட்டுக்கோ பள்ளிக்கோ கொட்டேஷன் கொடுத்து நின்றுபோயிருந்தால் இது சொல்ல வேண்டிய செய்தி, அவர்கள் வரியைத் திரும்ப எடுக்க முடியாது. ஜிஎஸ்டி கிரெடிட் எடுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கு இதில் பெரிய லாபம் இல்லை. அவருக்கும் சேர்த்து எல்லோருக்கும் ஒரே மெசேஜைத் தட்டிவிட்டால், அவர் தொழிலைப் பார்க்காமல் அனுப்பியது அவருக்குத் தெரிந்துவிடும்.

பொங்கல் வாழ்த்து அனுப்பலாம். வாழ்த்து மட்டும். பேனல் படம், கம்பெனி லோகோ, "இன்றே அழையுங்கள்" எதுவும் அதில் இருக்கக் கூடாது.

எட்டு மாசம் கழிச்சு அவரே கூப்பிட்டா?

"சொல்லுங்க சார், நல்லா இருக்கீங்களா?" என்று சாதாரணமாக ஆரம்பியுங்கள். இத்தனை நாள் ஏன் பதில் இல்லை என்ற பேச்சையே எடுக்காதீர்கள், விளையாட்டாகக்கூட.

பிறகு மூடி வைத்த ஃபைலைத் திறந்து மூன்று விஷயம் கேளுங்கள். கூரை மேலோ பக்கத்திலோ புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா? பக்கத்து மனையில் ஒரு மாடி எழும்பியிருந்தாலும், தண்ணீர்த் தொட்டி ஒன்று மேலே ஏறியிருந்தாலும் பழைய நிழல் படம் செல்லாது, அந்தப் பகுதியை மட்டும் போய்ப் பார்க்க வேண்டும். புது மெஷின் போட்டு ஈபியில் சாங்ஷன் லோடு மாற்றியிருக்கிறாரா? கடைசி மூன்று மாத பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் தெரிந்துவிடும். தகரம் மாற்றப் போகிறாரா? மாற்றுவதாக இருந்தால் அது முதலில் முடியட்டும், பேனல் ஏற்றிய பிறகு தகரம் மாற்றுவது இரட்டைச் செலவு.

அதன் பிறகு இரண்டு நாளில் புது விலை போய்ச் சேர வேண்டும். அந்த வார்த்தையை நம்பித்தான் அவர் கூப்பிட்டிருக்கிறார். பழைய 18 லட்சத்தையும் புது விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது ஏறியது, எது இறங்கியது, வரியில் என்ன மாறியது என்று காட்டுங்கள். அவரிடம் பழைய கொட்டேஷன் இருக்கிறது, நீங்கள் காட்டாவிட்டாலும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கத்தான் போகிறார்.

இந்த மெசேஜுக்கும் பதில் வரலைன்னா?

15-ஆம் தேதி கழிந்ததும் உங்கள் பட்டியலில் "மூடியது" என்று குறித்து, அளவு, படங்கள், பில் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, அவர் பெயரும் ஊரும் அளந்த தேதியும் வைத்துச் சேமியுங்கள். அளக்கப் போன பையன் வேலையை விட்டுப் போனாலும் படங்கள் அவன் போனோடு போய்விடக் கூடாது. பத்திரமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.